கைக்கடிகாரம் போட்ட குறுக்குக் கோடு

பயிற்சியாளர் தன் கைப்பேசியை என் முன் நீட்டினார். ஏரியின் வரைபடத்தில் நான் நீந்திய பாதை சிவப்புக் கோடாக ஓடியது. கரையை ஒட்டி வந்த கோடு, தூரத்து வளைவு தொடங்கும் இடத்தில் சட்டென்று திரும்பி, ஏரியின் நடுவை நேராக வெட்டிக்கொண்டு எதிர்க்கரையைத் தொட்டிருந்தது.

"ஷார்ட்கட் அடிச்சுட்டியாம்மா?" என்றார். மும்பை மாட்டுங்காக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"இல்ல சார். கரையோரமாத்தான் சுத்துனேன்."

கடல் தொடர்நீச்சல் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. கல்யாண் நகருக்கு அப்பாலிருக்கும் அந்த ஏரியைக் கரையோரமாகச் சுற்றி வந்து, கடிகாரத்தில் பதிந்த பாதையைக் காட்ட வேண்டும். காவல் படகு பின்தங்கியவர்களோடு நின்றுவிட்டது. பனிமூட்டத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை.

அதே இடத்துக்குப் போட்டியிட்ட செம்பூர் அக்கா, தலையைத் துவட்டியபடி சிரித்தாள். "தாராவிக்காரிக்கு சந்து தெரியாதா சார்? ஏரியிலயே ஒரு கல்லி கண்டுபிடிச்சுட்டா."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எந்தத் தேர்விலும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கைப்பேசியை வாங்கிக் கோட்டைப் பெரிதாக்கினேன். மற்ற இடங்களில் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. அந்த நேர்க்கோட்டின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு புள்ளிகூட இல்லை. அது தொடங்கிய இடத்தில்தான் என் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. தலையை மேலே வைத்துத் தவளை நீச்சலிலேயே வளைவைக் கடந்து, எதிர்க்கரையில் கால் ஊன்றிய பிறகுதான் அதைச் சரிசெய்தேன்.

"சார், ஃப்ரீஸ்டைல்ல ஒவ்வொரு வீச்சுக்கும் கை வெளிய வருது. அப்பத்தான் வாட்ச்சுக்கு சாட்டிலைட் கெடைக்கும். தவளை நீச்சல்ல கை தண்ணிக்குள்ளயேல்லா கெடக்கு. கடைசியாக் கெடச்ச புள்ளியையும், கரையில கெடச்ச புள்ளியையும் சேத்து அதுவாக் கோடு போட்டுட்டு."

"நேராப் போயிருந்தா இவ்ளோ நேரம் ஆகியிருக்காதுதான்" என்று புள்ளிகளின் நேரத்தைப் பார்த்தார் அவர்.

"நடுவுல மிதந்துண்டு ரெஸ்ட் எடுத்திருக்கலாமே" என்றாள் அக்கா.

"அப்போ மறுபடி நீந்துதேன். உங்க வாட்ச்சத் தாங்க சார்."

தோள்கள் கல்லாகக் கனத்தன. அவர் கடிகாரத்தை, நான் இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவையின் மேல் கட்டினேன். என்னுடையது மணிக்கட்டிலேயே இருந்தது. அதே வளைவை மறுபடி தவளை நீச்சலில் கடந்தேன். அவர் கரையில் கூடவே நடந்தார். பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நின்றால் அக்கா சொன்னது உண்மையாகிவிடும் என்று வலியோடு உதைத்தேன்.

இரண்டு பதிவுகளையும் அவர் திறந்தபோது மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டேன். மிதவையின் கோடு கரையோடு வளைந்தது. என் மணிக்கட்டுக் கோடு மறுபடியும் ஏரியை வெட்டியது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அரே" என்றாள்.

"கடல்ல கண்ணாடிக்குள்ள தண்ணி போனா என்ன பண்ணுவே?" என்றார் பயிற்சியாளர்.

"இதேதான் சார்."

"சரி. டீம்ல இருக்கே. வாட்ச்சை மிதவையில கட்டிக்கோ."