நடுவில் மட்டும் மங்கிய கைத்தட்டு

வேலூரில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலம். ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர், கிராமபோன் தட்டுகள் கேட்க நான் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாப்பா இது? சவுண்டு ஜாஸ்தி வெச்சா கவாலி கைத்தட்டு தெளிவா கேக்குது. ரொம்ப கம்மி பண்ணாலும் தெளிவுதான். நடுவுல வெச்சா தலகாணிய அடிக்கிற மாரி இருக்கு.”

நடுவில் வைக்காதீர்கள் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அந்த விசித்திரம் என்னை விடவில்லை.

இரண்டு மெகா ஓம் வால்யூம் கண்ட்ரோல் நடுவில் நிற்கும்போதுதான் வால்வுக்குள் ஒலி நுழையும் முனையான கிரிட்டுக்கு முன்னால் மின்தடை அதிகம்: இரு பக்கமும் ஒவ்வொரு மெகா ஓம், இரண்டும் இணையாக நிற்பதால் அரை மெகா ஓம். வால்வைக் கழற்றி அளந்தேன். கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே மின்தேக்கம் மூன்று பிகோஃபாரட், கிரிட்டுக்கும் ஒலி பெருகி வெளியேறும் பிளேட்டுக்கும் இடையே இரண்டு. இந்த ஐந்துக்கு நொடிக்கு அறுபதாயிரம் சைக்கிள் அதிர்வு வரை ஒலி தேயவே கூடாதே!

பிறகுதான் உறைத்தது. வால்வு அறுபது மடங்கு பெருக்குகிறது, அதுவும் தலைகீழாக. கிரிட் ஒரு வோல்ட் ஏறினால் பிளேட் அறுபது இறங்கும். இடையிலுள்ள இரண்டு பிகோஃபாரட் அறுபத்தொரு வோல்ட் மாற்றத்தைச் சுமக்கிறது. கிரிட்டுக்கு அது நூற்று இருபத்திரண்டு பிகோஃபாரட் போல. கேத்தோடு பக்கத்து மூன்றையும் சேர்த்தால் நூற்று இருபத்தைந்து. அரை மெகா ஓமோடு சேர்ந்து, சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு சைக்கிளிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். கைத்தட்டின் கூர்மை அதற்கு மேலேதான் இருக்கிறது.

கண்ட்ரோலைப் பத்தில் ஒரு பங்கு மதிப்புக்கு மாற்றி, நடுவில் வைத்தேன். கைத்தட்டு சுளீரென்று விழுந்தது.

“வால்வுல கோளாறா?” என்றார்.

“இல்ல பாய். அது வேல செய்யறப்ப அளக்காம, தூங்கறப்ப அளந்துட்டேன்.”