பட்டம்மாளின் குரல் பெங்களூரில் இருக்கிறது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் துரைசாமி, மனைவி பட்டம்மாளிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது. எங்கள் தெருவே அந்தச் சத்தத்தில்தான் கண் விழிக்கும். அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் துரைசாமி போனைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தார்.

"எதுனா பேசுடி."

"இன்னாத்த பேசறது? மொதல்ல அந்த லுங்கிய மடிச்சி வைய்யா."

அதுவும் பதிவானது. போன் நிரம்பியதும் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலி செய்தார்.

மகள் மேகலா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஊருக்கு வந்தபோது ஓர் ஏற்பாடு செய்தாள். தினமும் சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டர் தானே புது ஃபைல்களைப் பூட்டி, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இன்டர்நெட் வழியில் பெங்களூரில் அவள் ரூமிலிருக்கும் டிஸ்க்குக்கு அனுப்பும்.

"என் டிஸ்க்க எவன் தூக்கிட்டுப் போனாலும் ஒன்னும் புரியாதுப்பா. பூட்டினதுதான் இருக்கும்."

பூட்டவும் திறக்கவும் வேண்டிய பாஸ்வேர்டு கம்ப்யூட்டரே உருவாக்கிய நீளமான எழுத்துக் குவியல். தினமும் யார் டைப் அடிப்பது? அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலில் வைத்தாள். பிறகு தனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஆஸ்பத்திரி அலைச்சல். 'போய்ச் சேர்ந்தது' என்ற மெசேஜ் தவறாமல் வந்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டாள். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

பட்டம்மாள் உயிரோடு வீடு திரும்பினாள், சத்தமில்லாமல்.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் திணற, துரைசாமி அதைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மூர்த்தி கடைக்குத் தூக்கிப் போனார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டா பறக்கும்ணே. உள்ள இருக்கறது எதுனா வேணுமா?"

"எல்லாம் பெங்களூர்ல பத்திரமா கீது. தொடைச்சிடு."

"நல்லா கேட்டுக்கோண்ணே, அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது."

"என் பொண்ணு செஞ்ச ஏற்பாடுபா அது!"

மூர்த்தி சுத்தமாகத் துடைத்துவிட்டான். மெசேஜ் நின்றதும் மேகலா போன் செய்தாள். விஷயம் தெரிந்ததும் அடுத்த ரயிலில் வந்தாள். மூர்த்தி கடையிலேயே உட்கார்ந்து, அழிந்ததை மீட்க அவளும் அவனும் தலைகீழாக நின்று பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

"உன் டிஸ்க்குல இல்லியா?" என்றார் துரைசாமி, வீட்டுக்கு வந்ததும்.

"எல்லாமே இருக்குதுப்பா. ஒன்னுகூட கொறையல. தெறக்கதான் முடியாது. பாஸ்வேர்டு நீ தொடைச்ச கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருந்துச்சி."

"வேற பெரிய ஆளு யாரையாச்சும் கேளேன்."

"யாராலயும் முடியாதுப்பா. நாந்தான் அப்படி பூட்டினேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மகள் அழுவதைப் பார்த்து, சமையற்கட்டிலிருந்து பட்டம்மாள் வந்தாள். துரைசாமியை நோக்கி விரலை நீட்டி, உதடுகள் படபடக்க என்னவோ திட்டினாள். மூச்சு விட ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளையில் காற்று மட்டும் வந்து போனது.

துரைசாமி அந்த உதடுகளையே பார்த்தார். எப்படித் திட்டுவாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். வார்த்தைகள் எல்லாம் வந்தன, சத்தம் வரவில்லை.

"இன்னொரு தபா சொல்லுடி," என்றார்.