காரணம்: எண் கணிதம்

தடுப்பூசி அறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் அந்த நர்ஸை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் 'ஊசியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தெருவில் வந்தாலே பாதிப் பேர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவளுக்கும் அதில் ஒரு கள்ளச் சிரிப்பு உண்டு. சட்டப்படி அவளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன என்பதும், அதில் ஒன்றைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும் என்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணமான மூன்றாம் நாள் மாமியார் சொன்னாள்: "இந்த வீட்டுக்குள்ள வந்தாச்சு, இனி பழைய பேரு எதுக்கு? நான் ஒண்ணு வச்சிருக்கேன்."

வளர்ப்புப் பூனைக்கு வைப்பதுபோல் வைத்தாள். யாரும் இவளைக் கேட்கவில்லை. கணவனே விண்ணப்பம் வாங்கி வந்தான். கல்யாணச் சான்றிதழை இணைத்தான், 'இங்கே போடு, இங்கே போடு' என்று விரலால் காட்டினான். ஐந்தே வாரத்தில் அரசிதழில் அச்சாகி வந்தது, இன்னார் இனிமேல் இன்னார் என்று அழைக்கப்படுவார் என்று. அந்தத் தாளின் நகலை வைத்துக்கொண்டு அடையாள அட்டை, வருமானவரி அட்டை, வங்கிப் புத்தகம், ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நர்ஸ்கள் கவுன்சிலின் பதிவேடு ஒன்றுதான் தப்பியது. அதற்கு அசல் சான்றிதழோடு நேரில் போக வேண்டும். லீவு கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்றாவது வருடம் அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். இவள் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டாள். அது வாய்தா மேல் வாய்தாவாக ஐந்து வருடமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்த வருடம்தான் இடி விழுந்தது. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க இனிமேல் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டுமாம். மூன்று மாதம் கெடு. புதுப்பிக்காத நர்ஸ் ஊசியைத் தொடக்கூடாது.

"இது ஒரு விஷயமா?" என்றார் ஆஸ்பத்திரி ஆபீஸ் சூப்பிரண்டு. "பழைய கெஜட் காப்பி இருக்குல்ல? கல்யாணச் சான்றையும் சேர்த்துக் கவுன்சில்ல குடுங்க. பத்து நாள்ல அங்கேயும் புதுப் பேரு ஏறிடும்."

அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். "வேலைதான்டி முக்கியம். பேரு என்ன சோறா போடப்போகுது?"

"அம்மா, அந்த ஒரு புத்தகத்துலதான் நான் நானா இருக்கேன். அதையும் அவன் வீட்டுக்கு எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

மகளுக்கு அந்தப் பழைய பெயரை வைத்ததே அம்மாதான்.

மறுநாள் ஊசியக்கா அரசிதழ் அலுவலகத்துக்குப் போனாள். நீளமான கூடம், ஒரே ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த எழுத்தர். பிறந்தபோது வைத்த பெயருக்கே திரும்பப் போகிறேன் என்று அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கணவர் வீட்டுப் பேரை விடறீங்க. அப்போ விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேணும்."

"வழக்கு நடந்துட்டிருக்கு சார்."

"அப்படின்னா கணவர்கிட்ட சம்மதக் கடிதம். அவரோட அடையாள அட்டை நகலும் கையெழுத்தும்."

"சார், இந்தப் பேரை எனக்கு வைக்கும்போது எங்கப்பாகிட்ட சம்மதக் கடிதம் கேட்டீங்களா?"

"அது வேற கட்டம்மா."

"என்கிட்டயாவது கேட்டீங்களா?"

"நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அடுத்தது யாரு?"

அன்றைக்கே அவள் அவனுக்குப் போன் செய்தாள். ஐந்து வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்க எத்தனை முறை எண்ணை அழுத்தி அழுத்தி விட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஓ, தாராளமா போடறேனே," என்றான் அவன். "வீட்டுக்கு வந்து, எங்கம்மா முன்னாடி நின்னு, தெரியாம வழக்குப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. பேனாவைத் திறந்து வச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவள் போனை வைத்தாள். அழவில்லை. ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்துக் கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் தேய்த்தாள்.

வாரம் இரண்டு ஓடியது. வக்கீல் தீர்ப்புக்கு இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார். மறுபடியும் அலுவலகத்துக்குப் போனவளை ஜன்னல்காரர் மறுபடியும் திருப்பி அனுப்பினார். வெளியே மரத்தடியில் மேசை போட்டு விண்ணப்பம் தட்டச்சு செய்யும் அம்மாள் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ரெண்டு வாரமா உன்னைப் பார்க்கறேன். என்ன பிரச்சினை?"

கொட்டித் தீர்த்தாள். தட்டச்சம்மாள் வெற்றுத்தாள் ஒன்றை உருட்டி ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"காரணம்கிற இடத்துல கல்யாணம், கணவன்னு வந்தாத்தான் கடுதாசி கேப்பாங்க. எண் கணிதம்னு போடு. கூட்டுத்தொகை சரியில்லை, அதிர்ஷ்டம் வேணும்னு. ஒரு கேள்வி வராது. இன்னைக்குக் காலைல மட்டும் எட்டுப் பேருக்கு அடிச்சிருக்கேன்."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லையே."

"எனக்குந்தான் இல்லை. நானா கேக்கறேன்?"

"பொய்ச் சத்தியம்மா அது."

"உன் பேரு உன்னோடதுங்கறது உண்மை. அதைச் சொன்னா அவங்க வாங்க மாட்டேங்கறாங்க. நீ என்ன பண்ணுவே?"

ஊசியக்கா அந்த மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதும் ஐந்தும் கூடினால் வரும் அதிர்ஷ்டத்துக்கு அந்த அலுவலகத்தில் இருக்கும் மரியாதை, முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு இல்லை. கோபத்தில் அவள் காதுமடல் சுட்டது. ஆனால் கெடுவுக்கு ஒன்பது வாரம்தான் பாக்கி.

"அடிங்கம்மா," என்றாள்.

நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தாள். புகைப்படங்கள், அட்டை நகல், எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு அதே ஜன்னலுக்கே போனாள். அதே எழுத்தர். அவளை அவருக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. காரணம் என்ற கட்டத்தைப் படித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இப்பத்தான் சரியா இருக்கு," என்று முத்திரை குத்தினார்.

"சார், போன தடவை நான் சொன்னது உண்மை. இது பொய். உங்களுக்கே தெரியும்."

"காகிதம் சரியா இருக்காங்கறதுதான்மா என் வேலை."

"அப்போ உங்க காகிதத்துக்கு வெட்கமே கிடையாது," என்றாள் அவள், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அவர் தலை குனிந்து அடுத்த விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் அரசிதழ் வந்தது. அம்மா அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். மகளின் பெயரை இன்னொரு முறை உரக்கப் படித்தாள். "பேரு சோறு போடுமான்னு கேட்டேனே பாவி," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே ஊசியக்கா அடையாள அட்டை மையத்தில் முதல் ஆளாக நின்றாள். கணினி முன்னால் இருந்த இளம்பெண் அரசிதழ் பக்கத்தை நகலெடுத்தாள், கைரேகை பதித்தாள், பிறகு திரையைப் பார்த்துத் தயங்கினாள்.

"அக்கா, உங்களுக்கு இது ரெண்டாவது தடவை. வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் பேரு மாத்தலாம். இதுக்கு மேல கம்ப்யூட்டர் விடாது."

"ரொம்ப நல்லது."

"இல்லக்கா, நாளைக்கே இன்னொரு கல்யாணம்னு வந்தா?"

"வர்றவர் வேணா மாத்திக்கட்டும். அவருக்கு ரெண்டு தடவையும் பாக்கி இருக்கும்ல."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில் கவுன்சில் பதிவு புதுப்பிக்கப்பட்டது. அட்டையும் பதிவேடும் ஒரே பெயரைச் சொன்னன. ஊசியக்கா மறுபடியும் பிள்ளைகளை அழவைக்கப் போய்விட்டாள். வருமானவரி அட்டையும் வங்கிப் புத்தகமும் ஓட்டுநர் உரிமமும் இன்னும் அந்த வீட்டுப் பெயரிலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் அலுவலக வரிசையில் நிற்கிறாள். 'ஏன் மாத்தறீங்க' என்று யாராவது கேட்டால் முழுக்கதையையும் ஆரம்பத்திலிருந்து, குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறாள். எவ்வளவு நேரமானாலும் சரி, கேட்டவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.