கைதட்டல் போய்ச் சேர்ந்த இடம்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கூரையை. செருப்பைக் கழற்றும்போதே தலை மேலே போய்விடும். மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தால் கண் அதிலேயே நின்றுவிடும். பிறகு பேச்சோடு பேச்சாகச் சுவரருகே நகர்ந்து, புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போனது, அதற்கு ஈரம் தெரியாது என்பார். மைத்துனரின் புது வீட்டுக்குப் போயிருந்தபோது, நீட்டிய காபியை வாங்கும் முன்பே "மேற்குச் சுவர் தண்ணி குடிக்குது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மொட்டைமாடிக் கசிவு அடைப்பதுதான் அவர் தொழில். தொழில் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஒழுகல்காரர். "ஒழுகல் வந்தாச்சு, குடை எடுங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள். அவரும் சிரிப்பார். நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கோபப்பட முடியாது.

அந்த வட்டம் புதன்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு ஓர் உணவகத்தின் மேல்மாடி அறையில் கூடும். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். எலக்ட்ரீஷியன் ஒருவர், பெயிண்டர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர் என்று நாற்பது நாற்காலி. அவரவர் பார்க்கும் இடத்தில் இன்னொருவருக்கு வேலை இருந்தால் கைகாட்டி விட வேண்டும். வேலை கிடைத்து முடிந்ததும், வாங்கியவர் எழுந்து நின்று, யார் சொல்லி வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, ஒரு நன்றிச் சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு யார் பேருக்கு விழுகிறதோ அவர் பேரில் ஒரு புள்ளி ஏறும். ஆறு மாதம் ஒரு புள்ளிகூட இல்லையென்றால் நாற்காலி அதே தொழிலில் வேறு ஆளுக்குப் போய்விடும். புள்ளி இல்லாதவர்கள் பட்டியல் இன்சூரன்ஸ் அக்கா கையில். அக்கா சிரித்துக்கொண்டே படிப்பார். ஆனால் படிக்காமல் விட மாட்டார்.

ஒரு பள்ளிக்கூட வேலைக்காக ஒழுகல்காரர் நன்றி சொன்ன புதனுக்கு முந்தின புதன் படித்தபோது டேங்க்காரர் பேர் அதில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். முப்பது வயதுக்குள் இருக்கும். கதவோரக் கடைசி நாற்காலி. ஐந்து மாதமாகப் புள்ளி இல்லை, இன்னும் ஒரு மாதம்தான் என்று அக்கா சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு வரும் அடுக்குமாடி வேலைகளில் பாதி இந்த அறையிலிருந்துதான் போகிறது. எல்லோருக்கும் அது தெரியும்.

பள்ளிக்கூட வேலை வந்தது இப்படி. இரண்டு மாதம் முன்பு, பகல் பதினொரு மணிக்கு, வீட்டு நம்பருக்கு ஒரு அழைப்பு. எடுத்தது ஒழுகல்காரரின் மனைவி. தொழிலுக்கு வரும் அழைப்பையெல்லாம் எடுப்பது அவர்தான். யார், எங்கே, யார் சொல்லி என்று மூன்றையும் கேட்டு எழுதாமல் போனை வைக்க மாட்டார்.

"அக்கா, நான் டேங்க்காரன். ஒரு பள்ளிக்கூட மாடியில நிக்கிறேன். தொட்டி நிக்கிற திண்டுக்குக் கீழ வெடிச்சிருக்கு. கைப்பிடிச் சுவர் சேர்ற இடத்துலயும் விட்டிருக்கு. கீழ ஒன்பதாம் வகுப்புல பக்கெட் வச்சிருக்காங்க. மேனேஜரை மேல கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். அண்ணனைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்களேன், மேனேஜர் பக்கத்துலதான் நிக்கிறாரு."

ஒழுகல்காரர் போனை வாங்கிப் பேசினார். மறுநாள் போய்ப் பார்த்தார். வேலையைக் கொடுக்கும் முன் மேனேஜர், தனக்குத் தெரிந்த இன்ஜினியரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். அந்த இன்ஜினியரும் இதே வட்டத்து ஆள்தான். முன்வரிசை. "நல்லாப் பண்ணுவார், கொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் பங்கு. பழைய பூச்சைக் கொத்தி, வெடிப்பை அடைத்து, இரண்டு கை பூசி, தண்ணீர் போகும் வாயை அடைத்து மாடி முழுக்க இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தாயிற்று. கீழே ஒரு சொட்டு இல்லை. பக்கெட் போய்விட்டது.

அந்தப் புதன் நன்றிச் சுற்றில் ஒழுகல்காரர் எழுந்தபோது இரண்டு பேரையும் சொல்லத்தான் நினைத்திருந்தார். சத்தியமாக. ஆனால் எழுந்ததும் கண்ணுக்கு நேரே இன்ஜினியர். பெரிய ஆள். வருஷத்துக்கு நாலு கட்டடம் எழுப்புகிறவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொட்டைமாடி உண்டு. கதவோரம் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

"இந்தப் பள்ளிக்கூட வேலை எனக்குக் கிடைச்சதுக்கு முழுக் காரணம் நம்ம இன்ஜினியர் சார். அவரோட ஒரு வார்த்தை. அவருக்கு என் மனமார்ந்த நன்றி."

முழு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கைதட்டினார்கள். இன்ஜினியர் பாதி எழுந்து, பாதி கும்பிட்டு உட்கார்ந்தார். யாரோ இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கை குலுக்கும்போதுதான் ஒழுகல்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். டேங்க்காரரும் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்தின பிறகு இரண்டு தட்டு அதிகமாக.

வீட்டுக்கு வருவதற்குள் படம் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மனைவி அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரு எப்போங்க நமக்கு போன் பண்ணாரு?"

"அவரும் சொன்னாருல்ல, மேனேஜர்கிட்ட."

"கேட்டதுக்குச் சொன்னாரு. அந்தப் பையன் கேக்காமலே சொன்னான். வெயில்ல நின்னுக்கிட்டு. போனை எடுத்தவ நான்."

"ரெண்டு பேரையும்தான் சொல்லலாம்னு எந்திரிச்சேன்..."

"எந்திரிச்சீங்க. அப்புறம் எங்க உட்கார்ந்தீங்க, அவர் மடியிலயா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியதை எடுத்து மறுபடி மாட்டினார். பிறகு பின்கட்டுக்குப் போய் டேங்க்காரரை அழைத்தார். போனில் குழாய் சத்தம், தொட்டிக்குள் எதிரொலி.

"தம்பி, காலையில உன் பேரு... எப்படியோ விட்டுப்போச்சுப்பா. மனசுல வச்சுக்காதே."

"அதுக்கென்னண்ணா. தண்ணி கட்டிப் பார்த்தீங்களா? திண்டுக்கிட்ட கசிவு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அது போதும்ண்ணா."

பாரம் இறங்கியதுபோல் உள்ளே வந்தார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"கைதட்டல் அவருக்குச் சபையில, மன்னிப்பு இவனுக்குப் பின்கட்டுல. நல்லாத்தான் பங்கு போட்டிருக்கீங்க. அவன் பேருல ஏற வேண்டிய புள்ளி போன்ல ஏறுமா?"

அடுத்த புதன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அடுத்த புதன் படியேறும்போது இன்ஜினியர் தோளில் கைபோட்டு, "புதுசா ஒரு பில்டிங் வருது, பேசுவோம்" என்றார். அந்தக் கை தோளில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? வரும் வாரம் ஆகட்டும் என்று விட்டார். வரும் வாரம் டேங்க்காரர் வணக்கம் சொன்னார், இவர் போன் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுமுனையில் யாரும் இல்லை.

மூன்றாம் வாரம் கதவோர நாற்காலி காலியாக இருந்தது. அக்கா பட்டியலைப் படித்தார். "தொட்டி கழுவுற தொழிலுக்கு இடம் காலியாகியிருக்கு. இன்னைக்கு ஒரு விருந்தினர் வந்திருக்காங்க." பேர் அச்சடித்த சட்டை போட்ட ஒருவர் எழுந்து எல்லோருக்கும் கையசைத்தார்.

ஒழுகல்காரருக்கு உட்கார முடியவில்லை. நன்றிச் சுற்று இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எழுந்துவிட்டார்.

"என்ன சார், கூரை ஒழுகுதா?" என்றார் பெயிண்டர். நாலு பேர் சிரித்தார்கள்.

"நான் மூணு வாரம் முன்னாடி இதே இடத்துல பொய் சொன்னேன்." சிரிப்பு நின்றது. "பள்ளிக்கூட வேலையைக் கண்ணால பார்த்து, மேனேஜரை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, என் வீட்டுக்குப் போன் போட்டு, அவர் கையில போனைக் கொடுத்து என்னைப் பேச வச்சது டேங்க்காரத் தம்பி. இன்ஜினியர் சார் பின்னால ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு. அதுக்கு அவருக்கு என் நன்றி, அது வேற. வேலை வந்தது தம்பியாலதான். அது தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். பெரிய இடத்துல நல்ல பேரு வாங்கலாம்னு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது இல்லாமல் மற்றது நிற்காது என்று தோன்றியது.

இன்ஜினியர் தண்ணீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நானும் அன்னைக்கு வாயைத் திறந்திருக்கணும்" என்றார். யாரும் கைதட்டவில்லை. அக்கா பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கிழித்து, புதுசு ஒன்றை நீட்டினார். "எழுதுங்க. நாலு வாரம் இடத்தை நிறுத்தி வைக்கிறேன். வந்தா அது அவரோடது." விருந்தினர் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று பகலில் ஓர் அடுக்குமாடி உச்சியில் டேங்க்காரரைப் பிடித்தார். தொட்டி வாயிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. முடியெல்லாம் பாசி.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் தம்பி. உன் பேருல சீட்டும் எழுதியாச்சு. புதன்கிழமை வந்துடு."

"சொன்னீங்களா?" முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு துடைப்பத்தின் காம்பைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்ண்ணா. புதன்கிழமை காலையில இப்ப ஒரு ஆஸ்பத்திரி ஒத்துக்கிட்டேன். பார்க்கலாம்ண்ணா."

அந்தப் 'பார்க்கலாம்' என்ன என்று இருவருக்கும் தெரியும். ஒழுகல்காரர் குனிந்து, காலடியில் கிடந்த வாளியை எடுத்துக் கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. நாலு புதன் போயிற்று. ஐந்தாவது புதன் பேர் அச்சடித்த சட்டை கதவோர நாற்காலியில் உட்கார்ந்தது.

இப்போதெல்லாம் வேலை முடிந்த அன்றே குழுவில் எழுதிவிடுகிறார். மாடியின் படம் பிறகுதான். யார் கண்ணில் பட்டது, யார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது, யார் போன் போட்டது என்பது முதல் வரி. வேலை கொடுத்தவரிடமும் அந்தப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் மாடிப்படி இறங்குகிறார். 'பெருசா எழுதுறாரே' என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள்.

ஒரு வருஷம் கழித்து பாலிசி விஷயமாக அக்கா அலுவலகத்துக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. பள்ளிக்கூட மேனேஜரும் அக்காவிடம்தான் பாலிசி எடுத்தவர். வேலை யாரால் வந்தது என்று அக்காவுக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். பேரை அடிக்கும் முன் அக்கா டேங்க்காரரைக் கூப்பிட்டு, "அது நீங்க சொன்ன வேலைதானேப்பா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரை எடுக்க மாட்டேன்" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "அதை வாங்கினவர்தான்க்கா சொல்லணும். நான் சொன்னா அண்ணனுக்குத் தலைகுனிவாயிடும்" என்று சொல்லியிருக்கிறார்.