கிலோவில் எழுதிய மூன்று நிலைகள்

போடியில் ஏலக்காய் தரம்பிரித்து அனுப்பும் கம்பெனி ஒன்றில், மனிதவளப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவனும் நான் ஒருவன்தான். "என்னப்பா உன் சோலி?" என்று அப்பா கேட்டபோது, "மத்தவங்க சோலிக்கு மார்க் போடுறது" என்றேன்.

காய் பொறுக்கித் தரம்பிரிக்கும் அறையில் ஜூனியர், சீனியர், லீட் என்று மூன்று நிலை. ஒவ்வொரு நிலையிலும் என்ன எதிர்பார்க்கிறோம் என்று எழுதச் சொன்னார் மேனேஜர். யாரிடமும் கேட்காமல் எழுதினேன். ஜூனியர் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, சீனியர் அதைவிட அதிகம், லீட் எல்லாரையும்விட அதிகம். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வருஷ மதிப்பீட்டில், அந்த அறையின் லீடாக இருந்த அக்கா கிலோ குறைந்து 'எதிர்பார்ப்புக்குக் கீழே' வந்தார். லீட் பதவியே போய்விடும் நிலை. அவரைக் கூப்பிடாமல் நானே அறைக்குப் போனேன்.

"நான் எங்க நிக்கிறேன்னு ஒரு நா வந்து பாத்தீகளா சார்?" என்றார். அதற்கு முன் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "நான் என் மேசையிலயே உக்காந்துட்டா, புதுப் புள்ளைக பச்சைக்காயில வெளுத்தத கலந்து விட்டுரும். வாங்குனவுககிட்டருந்து மூட்டை திரும்பி வரும். பரவால்லையா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்காவ ஜூனியராப் போட்டுருங்க சார். கிலோ கிலோவாத் தள்ளிருவாக!"

அறையே சிரித்தது. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். மதியம் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து வட்டமாக உட்காருவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு மாற்றி எழுதினேன். ஜூனியர்: மாதிரிக் காயைப் பார்த்துப் பிரிப்பார், சந்தேகம் வந்தால் கேட்பார். சீனியர்: சந்தேகக் காயைத் தானே முடிவு செய்வார், புது வகைச் சரக்கு வந்தாலும் தடுமாற மாட்டார். லீட்: மற்ற மேசைகளின் தவறு குறையும்படி செய்வார்.

"லீட் வேலைய எப்படிப்பா அளக்குறது?" என்றார் மேனேஜர்.

"அறை முழுக்கத் திரும்பி வர்ற மூட்டைய வச்சு சார். அந்தக் கணக்கு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு."

எல்லாருக்கும் புதுத் தாளின்படி மறுபடி மதிப்பீடு நடந்தது. அக்கா லீட்டாகவே நீடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று எழுந்து போனார்.

கடைசியாக, என்னை நானே மதிப்பிட வேண்டிய படிவம். என் பதவியின் பெயர் சீனியர். ஆனால் நானே எழுதிய வரையறைப்படி பார்த்தால் நான் ஜூனியர். அதிலும் பாதிதான் தேறினேன். 'சந்தேகம் வந்தால் கேட்பார்' என்ற வரிக்கு எதிரே நெடுநேரம் பேனாவை வைத்திருந்து, 'இல்லை' என்று எழுதினேன்.

மறுநாள் மதியம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன். "இங்க உக்காரலாமாக்கா?" என்று கேட்டேன்.

"உக்காருங்க சார்" என்று அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். என்னைக் கண்டதும் நின்ற அவர்கள் பேச்சு மட்டும் மறுபடி தொடங்கவில்லை.