நூறு சொல்லில் அடங்காத அப்பா

அசாம் ஜாவா என்ற ஊரில் அப்பாவை விட்டிருந்த முதியோர் இல்லத்தைப் பற்றி நான் எழுதிய விமர்சனம் நானூறு சொல்லைத் தாண்டியது. விமர்சனம் பதியும் இணையத்தளமோ நூற்றுக்கு மேல் ஏற்காது. தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து வெட்டினோம். ‘பாவிகள்’, ‘மனசாட்சி இல்லாதவர்கள்’ எல்லாம் முதலில் போயின. வேலை செய்யாத அழைப்பு மணி, பதினெட்டுப் பேருக்கு ஒரே பணியாள், முதுகில் உள்ளங்கை அளவு படுக்கைப்புண், அதை எங்களிடம் சொல்லாதது ஆகியவை நின்றன.

இன்னும் ஆறு சொல் அதிகம். ‘மூன்று வாரம் முன்பு போனபோது புண் இல்லை’ என்ற வரியை அழிக்கப் போனேன்.

“அத எடுக்காதண்ணே,” என்றாள் தங்கச்சி. “அங்கதான் புண்ணு வந்துச்சின்னு அதுலதான்லா தெரியுது.”

“நடுவுல நான் போகலன்னும் தெரியுமே.”

“நானுந்தான் போகல.”

அவள் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல். ‘அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணி கேட்டார்’ என்ற வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் அதன் கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: “மூணு வாரமா நீங்க எங்க போனீங்க?”

அதற்குப் பதில் எழுத, சொல் வரம்பு எதுவும் இல்லை. நான் இன்னும் எழுதவில்லை.