புது வேட்டிக்கு மட்டும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பிறகு ஊர் ஊராகப் பல வேலை பார்த்தேன். திருச்சிக்கு வந்தபோது வாய் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பாலக்கரையில் சலவை நீலம் தயாரித்து விற்ற ஒரு பாய் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். கூலியோடு, சரக்கு வைக்கும் கிட்டங்கியில் படுத்துக்கொள்ள இடமும் கொடுத்தார். குதிரை வண்டியில் நின்று தகரக் குழலில் கத்த வேண்டும், பாக்கெட் விற்க வேண்டும்.

பொன்மலையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. "புது வேட்டி எதுக்குங்க? கடைசியா அலசுற தண்ணியில ஒரு சிட்டிகை நீலம் போடுங்க, மஞ்சளடிச்ச வேட்டி பளிச்சுன்னு ஆகும். காசு மிச்சம்" என்பேன். ரயில் பட்டறைத் தொழிலாளிகள் ஷிப்ட் விட்டதும் வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள். மிச்சம் பிடிப்பது அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை.

மார்கழி பிறந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே ஸ்ரீரங்கம் வரும் என்று பாய் ஒரு வண்டி நிறையப் பாக்கெட் ஏற்றினார்.

"மூணு நாள் டைம் தம்பி. ஸ்ரீரங்கத்துல ஓடலேன்னா வண்டியை நிறுத்திடுறேன். நீங்களும் வேற இடம் பாத்துக்குங்க."

அந்தப் பனியில் வேறு இடம் என்றால் காவிரிப் பாலத்தடிதான். அங்கே ஏற்கெனவே படுத்துப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் சித்திரை வீதியில் பொன்மலைப் பேச்சையே பேசினேன். வாசலுக்கு வாசல் நின்று ரசித்துக் கேட்டார்கள். ஒருவர் கூட வண்டிப் பக்கம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கோடி வீட்டு வேலைக்காரி மட்டும் முந்தானைக்குள் காசை மறைத்துக்கொண்டு வந்து ஒரு பாக்கெட் வாங்கிப் போனாள்.

இரண்டாம் நாள், "இன்னிக்கு மட்டும்தான். இன்னும் இருபதே பாக்கெட். விட்டா கிடைக்காது" என்று மாற்றினேன். நாலு வீதியையும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, வாசலில் நின்றிருந்த ஒரு மாமா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

"ஏன்யா, காலம்பற இருபதுன்னீர். இப்பவும் இருபதுங்கறீர். குட்டி போடறதா?"

வீதியே சிரித்தது. குதிரைக்காரரும் சிரித்தார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அப்படி இல்லீங்க சாமி. எல்லாரும் வாங்குறாங்க. கோடி வீட்டுலயே வாங்கிட்டாங்க."

"யாரு, அவாளா?"

"ஆமாங்க."

"அப்போ நமக்கு வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது.

"நாமத்தைப் பாத்துப் பேசக் கூடாதா?" என்றார் குதிரைக்காரர். "கோடி வீட்டுக்காரங்க வடகலை, இவரு தென்கலை. ரெண்டு பேரும் ஒரே பெருமாளைச் சேவிப்பாங்க. ஆனா அவங்க போடுற நீலத்தை இவரு போடுவாரா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் பேசுறவரு. நான் குதிரை ஓட்டுறவன்."

ராத்திரி கிட்டங்கியில் படுத்து அந்த வேலைக்காரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் மறைத்தாள்? 'புது வேட்டி எதுக்குங்க?' என்று வீதி அதிரக் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு வண்டியருகே வருகிறவர், என் வேட்டி பழசு, புதுசு வாங்க வழியில்லை என்று அக்கம்பக்கம் அறியச் சொன்னவர் ஆகிறார். ஏகாதசிக்கு உறவெல்லாம் வந்து இறங்கும் வாரத்தில் எவர் வருவார்?

மறுநாள் அதே வீதி. குழலைத் தூக்கினேன்.

"பழைய வேட்டிக்காரங்க தயவுசெஞ்சு வராதீங்க. இது புது வேட்டிக்கு மட்டும். ஏகாதசிக்குன்னு புதுசு எடுத்து வெச்சிருக்கிறவங்க, அந்த வெள்ளை அப்படியே நிக்கணும்னு நினைச்சா வாங்குங்க. மத்தவங்களுக்கு இது தேவைப்படாது."

முதலில் அந்த மாமா படியிறங்கினார்.

"ரெண்டு குடும். எங்காத்துல நாலு புது வேட்டி இருக்கு." இதை என்னிடம் சொல்லவில்லை, எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னார். அவர் கட்டியிருந்ததில் கிழிசல் தைத்த இடம் எனக்குத் தெரிந்தது. நான் குதிரையைப் பார்த்துக்கொண்டேன்.

எதிர்வீட்டார் மூன்று வாங்கினார். கோடி வீட்டுக்காரர் தாமே வந்து, ஐந்து வேண்டும் என்றார், உரக்க. தென்கலை, வடகலை இரண்டும் வண்டியின் இரண்டு பக்கமும் நின்றன. மத்தியானத்துக்குள் வண்டி காலி.

பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன பேசினேன் என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது.

"என்ன தம்பி, பாக்கெட்டுல 'பழைய துணியைப் புதுசாக்கும்'னு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கேனே. யாரும் படிக்கலையா?"

"படிச்சிருப்பாங்க பாய். அதனாலதான் வாங்கினாங்க."

வேறு இடம் பார்க்கச் சொன்னவர், கிட்டங்கி மூலையில் எனக்கென்று ஒரு சாக்கை உதறிப் போட்டார்.